பேனாவால் எழுதிய கட்டுரைக்கு ‘ஏஐ’ முத்திரை: டெம்ப்ளேட்டை விட்டுவிடலாமா?

நீலமை | 4 செப்டம்பர் 2025, காலை 7:12

அடுத்த மாதம் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறேன். போன சனிக்கிழமை பயிற்சி வகுப்பில் மாதிரித் தேர்வு. 40 நிமிடம், பேனா, கோடு போட்ட தாள், கைபேசிகள் எல்லாம் அறைக்கு வெளியே. நான் எழுதியதை ஓர் ஆசிரியர் தட்டச்சு செய்து ஏதோ டிடெக்டர் தளத்தில் போட்டிருக்கிறார். முழுக்க ஏஐ எழுதியது என்று வந்ததாம். எல்லோர் முன்னாலும் கேட்டார். என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.

முன்னுரை, முடிவுரை, பத்தித் தொடக்கங்கள் எல்லாம் மனப்பாடம்தான். அந்த டெம்ப்ளேட்டைக் கொடுத்ததே அந்த வகுப்புதான். தேர்வில் திருத்துபவரும் இப்படித்தான் நினைப்பாரா? டெம்ப்ளேட்டை முழுசாக விட்டுவிட வேண்டுமா? விட்டால் 250 சொல் எட்டுவேனா என்றே பயமாக இருக்கிறது.

விடைதேடி | 4 செப்டம்பர், காலை 9:40

விட்டுவிடுங்கள். மனப்பாடம் என்று தெரிந்தால் பேண்ட் 0. விதியிலேயே இருக்கிறது.

ஓரக்குறிப்பு | 4 செப்டம்பர், பிற்பகல் 1:25

பதினோரு வருடமாக ஆங்கிலக் கட்டுரை சொல்லிக்கொடுக்கிறேன். நீலமைக்கு நடந்தது என் வகுப்பிலும் நடந்தது. ஒரு பையன் என் கண் முன்னால் உட்கார்ந்து எழுதினான். நடுவில் இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்ததுகூட நினைவிருக்கிறது. அந்தத் தாளைத்தான் சக ஆசிரியர் ஒருவர் ‘இயந்திரம் எழுதியது’ என்று என்னிடம் கொண்டுவந்தார். அவர் நல்ல ஆசிரியர், பொய் சொல்பவரும் அல்ல. ஒரு கருவி எதை அளக்கிறது என்று தெரியாமல் அதன் தீர்ப்பை ஏற்றுக்கொண்டுவிட்டார்.

அந்தக் கருவிகளில் பல அளப்பது ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: இதுவரை வந்த சொற்களைப் பார்த்து அடுத்த சொல்லை ஊகிப்பது எவ்வளவு சுலபம் என்பது. ஊகிக்கச் சுலபமாக இருந்தால் இயந்திரம், கடினமாக இருந்தால் மனிதர். மனப்பாட வரிகள் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ‘இன்றைய நவீன உலகில்’ என்று தொடங்கினால் ‘சூடான விவாதப் பொருளாகிவிட்டது’ என்று முடியும் என்பது யாருக்கும் தெரியும். ஆயிரம் பேர் வாய்வழி தேய்ந்த வரி அது. தேய்ந்த வரி எதுவானாலும் ஊகிக்கச் சுலபம்தான். சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரியும் பெரும்பாலானோர் அடுத்ததாக எழுதக்கூடிய சொல்லை நோக்கித்தான் சாய்கிறது. இரண்டும் ஒரே இடத்துக்கு வேறு வேறு வழியில் வந்து சேர்கின்றன.

ஆக, நீங்கள் ஏமாற்றவில்லை. அந்த முத்திரைக்கு எந்த மதிப்பும் இல்லை. டெம்ப்ளேட் உங்களுக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. அது நல்லதில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

பழையதிருத்துநர் | 4 செப்டம்பர், மாலை 6:03

விடைதேடி சொன்னது பாதி. ஐஇஎல்டிஎஸ் வெளியிட்டிருக்கும் மதிப்பீட்டு விவரத்தில் பேண்ட் 0-க்கு மூன்று காரணங்கள் உண்டு: தேர்வுக்கு வராதது அல்லது எதுவும் எழுத முயலாதது, முழுவதும் வேறு மொழியில் எழுதியது, விடை முற்றிலும் மனப்பாடம் என்பதற்குச் சான்று இருப்பது. ‘முற்றிலும்’, ‘சான்று’ என்ற இரண்டு சொற்களையும் விட்டுவிட்டால் விதியே மாறிவிடும். நீலமை எழுதியது மனப்பாட அச்சில் சொந்தச் சரக்கை ஊற்றியது. அதற்கு 0 கிடையாது.

மனப்பாடத் தொடர்கள் அந்த விவரத்தில் வேறு இடங்களிலும் பேசப்படுகின்றன. சொல்வளத்தில் பேண்ட் 4-ல், மனப்பாடத் தொடர்களைப் பொருந்தாத இடத்தில் போடுவது ஒரு குறியாக வருகிறது. அதைவிட முக்கியமானது கோர்வை. இணைப்புகள் இயந்திரத்தனமாக இருக்கலாம் என்று பேண்ட் 6 சொல்கிறது. பேண்ட் 9-ல் கோர்வை கவனத்தை ஈர்ப்பதே மிக அரிது. டெம்ப்ளேட்டின் வேலையே கவனத்தை ஈர்ப்பதுதான். ஆகவே அது தண்டனைக்குரிய குற்றம் இல்லை. தலைக்கு மேல் ஒரு கூரை போட்டுவிடும், அவ்வளவுதான்.

விடைதேடி | 4 செப்டம்பர், இரவு 8:15

சரி, ‘முற்றிலும்’ என்ற சொல்லைக் கவனிக்கவில்லை. என் வகுப்பில் மனப்பாடம் என்றாலே 0 என்றுதான் சொன்னார்கள்.

அவசரம் | 5 செப்டம்பர், காலை 6:50

அப்போ டிடெக்டர்ல மாட்டாம இருக்க என்ன செய்யணும்? நான் சில இடத்துல வேணும்னே எழுத்துப்பிழை விடுறேன். மனுஷன் எழுதின மாதிரி இருக்கும்ல?

ஓரக்குறிப்பு | 5 செப்டம்பர், காலை 8:30

தயவுசெய்து வேண்டாம், அவசரம். தேர்வுக் கூடத்தில் இணையம் கிடையாது, பக்கத்தில் மேற்பார்வையாளர் இருக்கிறார். நீங்கள் இயந்திரத்தைக் கேட்டு எழுதினீர்களா என்பது அங்கே பெரிய கேள்வியே இல்லை. எழுத்துப்பிழைக்கோ சொல்வளத்தில் மதிப்பெண் குறையும். யாரும் சுமத்தாத பழியிலிருந்து தப்பிக்கக் கையிலிருப்பதை நீங்களே கொடுக்கிறீர்கள்.

நீலமை, அந்தக் கட்டுரை கையில் இருந்தால் இங்கே போடுங்கள். பொதுவாகப் பேசுவதைவிட அந்தத் தாளையே பார்த்துவிடலாம்.

நீலமை | 5 செப்டம்பர், இரவு 9:10

போட்டுவிட்டேன். தலைப்பு இது: ‘எல்லாத் தகவலும் இணையத்தில் கிடைப்பதால் பொது நூலகங்கள் இனித் தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள்?’ திட்ட வேண்டியதைத் திட்டுங்கள்.

ஓரக்குறிப்பு | 6 செப்டம்பர், காலை 11:45

திட்ட எதுவும் இல்லை. அச்சிட்டு, இரண்டு நிற மையோடு உட்கார்ந்தேன். மனப்பாட வரி எல்லாவற்றுக்கும் சிவப்பு, நீங்களே யோசித்து எழுதியதற்குப் பச்சை.

மொத்தம் 281 சொற்கள். முன்னுரையில் 58, அதில் 51 சிவப்பு. முதல் பத்தி 92-ல் 38, இரண்டாம் பத்தி 86-ல் 34, முடிவுரை 45-ல் 39 சிவப்பு. கூட்டினால் 162 சிவப்பு, 119 பச்சை. அந்தப் பச்சையிலும் 23 சொற்கள் கேள்வித்தாளிலிருந்து அப்படியே எடுத்தவை. 40 நிமிடத்தில் உங்களுடையது என்று சொல்லக்கூடியது 96 சொல்.

எண்ணிக்கையை விடவும் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒட்டுகள். பள்ளியில் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ எழுதியிருப்போம். அங்கே வாக்கியம் அந்த ஒரு சொல்லுக்காகவே எழுதப்பட்டிருக்கும். டெம்ப்ளேட் எந்தச் சொல்லுக்காகவும் எழுதப்படவில்லை. எனவே நிரப்பும்போது விளிம்பு பொருந்துவதில்லை.

உங்கள் முதல் வரி ‘தி ப்ரோலிஃபரேஷன் ஆஃப்’ என்று தொடங்குகிறது. பெருகிப் பரவுதல் என்று பொருள். அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வர வேண்டும். நீங்கள் ‘பொது நூலகம் தேவையில்லை’ என்ற முழு வாக்கியத்தையே அங்கே வைத்திருக்கிறீர்கள். இலக்கணம் அந்த இடத்திலேயே முறிந்துவிட்டது. பொருளும் தலைகீழ். கேள்வி நூலகம் மூடப்படுவதைப் பற்றி, உங்கள் வரியோ பெருகுவதைப் பற்றி. இரண்டாம் பத்தியில் ‘ஏ பிளெதோரா ஆஃப்’ என்பதற்குப் பின் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று பன்மை போட்டிருக்கிறீர்கள். ‘பிளெதோரா’ தெரிந்தவருக்கு ‘இன்ஃபர்மேஷன்’ பன்மை ஏற்காது என்பது தெரியாதா என்று திருத்துபவருக்குத் தோன்றும். ஒரே வரியில் இரண்டு ஆட்கள் எழுதியதுபோல் இருக்கிறது.

பெரிய சேதம் வேறு. முன்னுரையின் கடைசியில் ‘இக்கட்டுரை இரு தரப்புக் கருத்துகளையும் அலசும்’ என்று இருக்கிறது. இரு தரப்பைக் கேட்கவே இல்லை, எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று கேட்டார்கள். முடிவுரையில் ‘நன்மைகள் தீமைகளைவிட அதிகம்’ என்கிறீர்கள். எதன் நன்மை? நூலகத்தினுடையதா, இணையத்தினுடையதா, மூடுவதினுடையதா? மூன்று முறை படித்தேன், தெரியவில்லை. மூன்று வகைக் கேள்விகளுக்கான அச்சுகள் ஒரே தாளில் கலந்திருக்கின்றன.

ஏஐ முத்திரைக்கு எதிராக உங்களுக்கு இருக்கும் சாட்சியும் இந்த ஒட்டுகள்தான். இயந்திரம் எழுதும் கட்டுரை முழுக்க ஒரே வழவழப்பாக இருக்கும். முன்னுரையில் பிழை இல்லையென்றால் நடுவிலும் இருக்காது, அரிய சொல்லுக்குப் பக்கத்தில் அடிப்படைத் தவறு வராது. மனப்பாடக் கட்டுரை மேடும் பள்ளமும். அச்சு வரியில் பிழையே இராது, கோடிட்ட இடத்தைத் தொட்டதும் பிழை குவியும். மொத்தமாக ஓர் எண் கொடுக்கும் கருவி இந்த மேடு பள்ளத்தைக் கலந்து சராசரியாக்கிவிடுகிறது. பென்சிலோடு படிப்பவர் கண்ணுக்கு அது தப்பாது.

தட்டச்சர்47 | 6 செப்டம்பர், மாலை 4:20

நான் பிடிஇ ஆங்கிலத் தேர்வு எழுதினவன். அங்க கட்டுரைக்கு 20 நிமிஷம், 200-லருந்து 300 சொல். கம்ப்யூட்டர் திருத்துதுன்னு எல்லாரும் டெம்ப்ளேட்தான் போடுறாங்க. நானும் போட்டேன். முதல் தடவை நல்லா வந்துச்சு. இரண்டாவது தடவை அதே டெம்ப்ளேட், எழுத்துல சரிஞ்சிடுச்சு. என் அனுபவத்துல அதிர்ஷ்டம்தான் எல்லாம். மெஷினுக்கு மெஷின் மாதிரி எழுதினா என்ன தப்பு?

பழையதிருத்துநர் | 6 செப்டம்பர், இரவு 9:55

தட்டச்சர்47, உங்கள் இரண்டாவது தாளில் என்ன நடந்தது என்று அந்தத் தாளைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் பிடிஇ கட்டுரையில் உள்ளடக்கத்துக்கு 0 விழுந்தால் மற்ற எதற்கும் மதிப்பெண் கிடையாது. இலக்கணம், சொல், எழுத்துக்கூட்டு எல்லாம் சரியாக இருந்தாலும் வராது. டெம்ப்ளேட் தலைப்பை விட்டு விலகினால் முதலில் அடிபடுவது அந்த உள்ளடக்கம்தான். ஒரு தலைப்பில் தற்செயலாகப் பொருந்தியது, இன்னொன்றில் பொருந்தாமல் போயிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் அதிர்ஷ்டம் மாதிரித்தான் தெரியும்.

இயந்திரத் திருத்தத்தை ஏமாற்ற முடியும் என்பது பழைய சங்கதி. 2014-ல் எம்ஐடியைச் சேர்ந்த லெஸ் பெரல்மன், மாணவர்களோடு சேர்ந்து ‘பேபல்’ என்று ஒரு நிரல் செய்தார். பொருளே இல்லாத, பெரிய சொற்கள் நிறைந்த கட்டுரையை அது கொட்டும். தானியங்கித் திருத்தக் கருவிகள் அதற்கு நல்ல மதிப்பெண் போட்டன. அவர் காட்ட நினைத்தது கருவியின் ஓட்டையை. அதைத் தேர்வு எழுதும் வழியாக எடுத்துக்கொண்டால், அந்த ஓட்டையை அடைக்க நினைப்பவர்களும் அதைப் படித்திருப்பார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஓரக்குறிப்பு | 7 செப்டம்பர், காலை 10:05

டிடெக்டர் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக நூற்றுக்கு 61-ஐ அவை ஏஐ என்றன. 18 கட்டுரைகளை ஏழுமே ஒருமனதாக ஏஐ என்றன. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் அப்படித் தவறு மிகக் குறைவு. அதாவது டெம்ப்ளேட்தான் ஆளை மாட்டிவிடுகிறது என்று அந்த ஆய்வே காட்டிவிட்டது.

பழையதிருத்துநர் | 7 செப்டம்பர், பகல் 12:30

கடைசி வரியைத் திருத்த வேண்டும். அந்த ஆய்வு டெம்ப்ளேட்டைத் தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களின் சொல்வகை குறுகலாக இருப்பதால் அடுத்த சொல்லை ஊகிப்பது எளிதாகிறது என்பதே அவர்கள் சொன்ன காரணம். மனப்பாடம் செய்யாமல் சொந்தமாக, எளிமையாக எழுதியவரும் அதே வலையில் விழுவார். அது இன்னும் மோசம். இன்னொன்றும் செய்தார்கள். அதே கட்டுரைகளை சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொற்களை மெருகேற்றச் சொன்னபோது, தவறான முத்திரை வெகுவாகக் குறைந்தது. இயந்திரம் தொட்ட பிறகு மனிதர் எழுதியது என்றன அந்தக் கருவிகள்.

அவை 2023-ன் கருவிகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓரக்குறிப்பு | 7 செப்டம்பர், பிற்பகல் 2:10

ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் பிடித்த முடிவை அந்த ஆய்வின் வாயில் திணித்துவிட்டேன். டெம்ப்ளேட் ஊகிக்கச் சுலபமானது என்பது என் வாதம், அவர்களுடைய கண்டுபிடிப்பு அல்ல.

இதனால் என் வகுப்புக்கே ஒரு பாடம் மாறுகிறது. டெம்ப்ளேட்டை விட்டால் டிடெக்டர் விட்டுவிடும் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அது உறுதியில்லை. டெம்ப்ளேட்டை விடச் சொல்வதற்கு என் காரணம் கேள்விக்கான பதில் மட்டுமாகத்தான் இருக்க வேண்டும்.

விடைதேடி | 8 செப்டம்பர், காலை 8:00

ஒன்று கேட்கட்டுமா? நீங்கள் சிவப்பு மை போட்டதில் ‘ஆன் தி அதர் ஹேண்ட்’, ‘ஃபார் எக்ஸாம்பிள்’ எல்லாம் இருக்கிறதா? அவற்றை ஆங்கிலேயரும்தான் எழுதுகிறார்கள். எல்லாத் தொடரும் எங்கேயோ கேட்டுப் பழகியதுதானே? நாம் தமிழில் கடிதம் எழுதினாலும் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கவில்லையா?

ஓரக்குறிப்பு | 8 செப்டம்பர், மாலை 5:35

நல்ல கேள்வி, விடைதேடி. என் எண்ணிக்கையையே மாற்ற வைத்தது. மறுபடி எடுத்துப் பார்த்தேன். சாதாரண இணைப்புத் தொடர்களில் 18 சொற்களைச் சிவப்பில் சேர்த்திருக்கிறேன். அது அநியாயம். அவற்றைத் திருப்பிக் கொடுத்தால் சிவப்பு 144, பச்சை 137. கேள்வியிலிருந்து எடுத்த 23 போக 114. நீலமையின் பங்கு நான் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

தாய்மொழியில் பேசுகிறவரும் தயாராகக் கட்டி வைத்த தொடர்களை வைத்துத்தான் பேசுகிறார். மொழியியலில் இதைப் பற்றி நிறைய வேலை நடந்திருக்கிறது. பாலி, சைடர் இருவரும் 1983-லேயே எழுதினார்கள். எனவே பழகிய தொடர் என்பதற்காக ஒன்றைச் சிவப்பாக்க முடியாது. கோடு எங்கே? நான் இப்போது வைத்திருக்கும் சோதனை, அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்து வேறொரு கேள்விக்கடியில் வைத்துப் பார்ப்பது. ‘சூடான விவாதப் பொருளாகிவிட்டது’ வரியை விலங்குக் காட்சிசாலை, தொலைக்காட்சி விளம்பரம், சிறைத் தண்டனை என்று எதன் கீழ் வைத்தாலும் உட்காரும். அது சிவப்பு. ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ தனியாக எங்கும் உட்காராது. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு கருத்து வேண்டும், அவை ஒன்றுக்கொன்று எதிராக இருக்க வேண்டும். இருந்தால் அது உழைக்கிறது, இல்லாவிட்டால் அதுவும் சிவப்புதான்.

நீலமை | 8 செப்டம்பர், இரவு 10:20

பச்சையில் ஒன்றாவது தேறியதா?

ஓரக்குறிப்பு | 9 செப்டம்பர், காலை 7:40

தேறியது. இரண்டாம் பத்தியின் நடுவில் ஒரு வரி. தமிழில் சொன்னால்: ‘இணையத்தில் தேடியது கிடைக்கும், நூலகத்தில் தேடாததும் கிடைக்கும்.’ ஆங்கிலத்தில் நீங்கள் எழுதியதில் ‘ஆல்ஸோ’ தவறான இடத்தில் நிற்கிறது, ‘இன் இன்டர்நெட்’ என்று முன்னிடைச்சொல்லும் தவறு. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரே வரி அதுதான். எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது என்ற வாதத்தின் அடியையே அது தொடுகிறது. எது வேண்டும் என்று தெரியாதவனுக்கு எல்லாம் கிடைத்து என்ன பயன் என்று கேட்கிறது. எந்த டெம்ப்ளேட்டும் இதைக் கொடுக்காது. வேறு எந்தக் கேள்விக்கடியிலும் இது உட்காராது.

வருத்தம் என்னவென்றால், அந்த வரிக்குப் பின் அதை விரிக்காமல் ‘ஆகவே இரு பக்கமும் உண்டு என்பது மறுக்க முடியாதது’ என்று அச்சுக்குத் தாவிவிட்டீர்கள். ஒரு யோசனை எட்டிப் பார்த்தது, டெம்ப்ளேட் அதன் மேல் கதவைச் சாத்திவிட்டது. மதிப்பெண்ணைவிட இதுதான் எனக்கு வலிக்கிறது. சொல்லத் தெரியாதவருக்கு டெம்ப்ளேட் கைத்தாங்கல் என்று நினைத்துக் கொடுக்கிறோம். சொல்லத் தெரிந்தவரையும் அது நிறுத்திவிடுகிறது.

பழையதிருத்துநர் | 9 செப்டம்பர், இரவு 8:45

திருத்துபவர் பக்கத்திலிருந்தும் ஒன்று. நான் வருடக்கணக்காகக் கல்லூரி நுழைவுக்கான ஆங்கிலத் தாள்கள் திருத்தியவன். ஒரே கட்டில் நாற்பது தாள். ஒரே பயிற்சியாளரிடம் படித்தவர்கள் என்று ஐந்தாவது தாளிலேயே தெரிந்துவிடும். முன்னுரை எல்லாம் ஒன்று. பத்தாவது தாளில் சலிப்பு, பதினைந்தாவதில் கோபம். அந்தக் கோபம் பதினாறாவது பிள்ளையின் தாளில் இறங்கும். அவள் முன்னுரை முதல் தாளின் முன்னுரையைவிட மோசமாக இருக்காது. அதற்கு முன்னால் பதினைந்தைப் படித்துவிட்டேன் என்பது மட்டுமே வித்தியாசம். அதற்கு அவள் என்ன செய்வாள்?

நான் கண்டுபிடித்த வழி, முன்னுரையைத் தாண்டி உடல்பத்திகளை முதலில் படிப்பது. அங்கே கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று முடிவு செய்துவிட்டு, பிறகு முன்னுரைக்கு வருவேன். இப்படிப் படித்தால் அச்சு வரிகள் வெறுப்பேற்றாது. எதையும் சேர்க்காத வரிகளாக மட்டும் தெரியும்.

இப்போது புதிதாக ஒரு சோதனை வந்திருக்கிறது. சலிப்பு சந்தேகமாக மாறுகிறது. முன்பு ‘மனப்பாடம்’ என்று நினைத்ததை இப்போது ‘ஏஐ’ என்று நினைக்கிறார்கள். முதலாவது திறமையைப் பற்றிய கணிப்பு. இரண்டாவது நேர்மையைப் பற்றிய குற்றச்சாட்டு. தாள் திருத்துபவருக்கு இரண்டாவதைச் சொல்ல அதிகாரம் இல்லை. முறைகேடு என்று தோன்றினால் மேலே எழுதி அனுப்பலாம், விசாரிப்பது வேறு ஆட்களின் வேலை. மதிப்பெண்ணில் ரகசியமாகக் கழிப்பது தவறு.

தட்டச்சர்47 | 10 செப்டம்பர், காலை 9:15

ஆனா சார், இப்ப பசங்க ஏஐ-கிட்டயே மாதிரிக் கட்டுரை வாங்கி அதை மனப்பாடம் பண்றாங்க. அப்ப ரெண்டும் ஒண்ணுதானே? டிடெக்டர் ஏஐன்னு சொன்னா அது பொய் இல்லையே.

ஓரக்குறிப்பு | 10 செப்டம்பர், பிற்பகல் 3:00

இதை இரண்டு நாளாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன், நீங்கள் கேட்டுவிட்டீர்கள். என் வகுப்பிலும் நடக்கிறது. ஒரு பெண் கொண்டுவந்த பத்து மாதிரிக் கட்டுரைகளும் இயந்திரத்திடம் வாங்கியவை. இரவெல்லாம் படித்து மனத்தில் ஏற்றியிருந்தாள். தேர்வு அறையில் அவள் கையால் வருவது இயந்திரத்தின் வாக்கியம், அவளுடைய நினைவாற்றல்.

முதலில், எங்கிருந்து வந்தால் என்ன, பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி என்று எழுத நினைத்தேன். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வகுப்பில் கொடுக்கும் டெம்ப்ளேட்டில் கோடிட்ட இடம் இருக்கும். எங்கே அச்சு முடிகிறது, எங்கே தன் வேலை தொடங்குகிறது என்று மாணவருக்குத் தெரியும். முழுக் கட்டுரையாக மனப்பாடம் செய்தால் கோடிட்ட இடமே கிடையாது. தலைப்பு கொஞ்சம் மாறி வந்தாலும் அப்படியே இறக்குவதைத் தவிர வழியில்லை. அந்தப் பெண்ணிடம் குழந்தைகள் விளையாட்டில் போட்டி நல்லதா என்ற கட்டுரை இருந்தது. மாதிரித் தேர்வில் நான் கொடுத்த தலைப்பு, பள்ளியில் மதிப்பெண் தரவரிசை போடலாமா என்பது. அவள் விளையாட்டுக் கட்டுரையைப் பிழையில்லாமல் எழுதினாள். ‘தரவரிசை’ என்ற சொல் தாளில் ஓர் இடத்திலும் இல்லை. பழையதிருத்துநர் சொன்ன ‘முற்றிலும் மனப்பாடம்’ என்ற விதிக்கு அருகில் போவது இதுதான், நீலமையுடையது அல்ல.

அப்போதும் டிடெக்டர் தேவைப்படவில்லை. கேள்வியையும் தாளையும் பக்கத்தில் வைத்தால் போதும்.

அவசரம் | 11 செப்டம்பர், காலை 7:05

பிழை விடுறதை நிறுத்திட்டேன். ஆனா டெம்ப்ளேட் இல்லாம முன்னுரை எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. பத்து நிமிஷம் அதுலயே போகுது.

ஓரக்குறிப்பு | 11 செப்டம்பர், இரவு 7:50

முன்னுரையைக் கடைசியாக எழுதுங்கள். கணினியில் எழுதினால் சிக்கலே இல்லை. தாளில் என்றால் மேலே ஐந்து வரி விட்டுவிட்டு முதல் பத்தியைத் தொடங்குங்கள். முதல் ஐந்து நிமிடம் கேள்வியைப் படித்து, ‘என் பதில் என்ன, ஏன்’ என்று ஒரே வாக்கியம் ஓரத்தில் எழுதிவையுங்கள், தமிழில்கூட. பத்திகள் முடிந்த பிறகு அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் மேலே போடுங்கள். கேள்வியை ஒரு வரியில் சொல்லி, உங்கள் நிலைப்பாட்டை ஒரு வரியில் சொன்னால் முன்னுரை முடிந்தது. 58 சொல் தேவையில்லை, 30 போதும். மிச்சமாகும் சொற்களை இரண்டாம் பத்தியில் செலவிடுங்கள்.

நீலமை | 14 செப்டம்பர், மாலை 6:30

அதே தலைப்பை மறுபடி எழுதினேன். 40 நிமிடத்தில் 254 சொல்தான் வந்தது. முன்னுரை 31. தேடாத புத்தகத்தை முதல் பத்தியாக்கி, எனக்கு நடந்ததை எழுதினேன். வேதியியல் புத்தகம் தேடப் போய், பக்கத்து அடுக்கில் சாயங்களின் வரலாறு கிடைத்தது, அதைப் படித்துத்தான் என் படிப்பையே தேர்ந்தெடுத்தேன் என்று. இங்கே போட்டிருக்கிறேன். டிடெக்டரில் போடவில்லை, போடப் போவதும் இல்லை.

ஓரக்குறிப்பு | 15 செப்டம்பர், காலை 9:20

படித்தேன். சிவப்பு மை 19 சொல்லுக்குத்தான் தேவைப்பட்டது. பிழைகள் கூடியிருக்கின்றன, அதை மறைக்க மாட்டேன். முன்பு 9, இப்போது 14. சொந்தமாக எழுதும் சொல் கூடினால் பிழையும் கூடத்தான் செய்யும். அதில் 6 ஒரே வகை, ‘தி’ போடும் இடம். ஒரு வாரத்தில் சரிசெய்யலாம். டெம்ப்ளேட் இருந்தவரை இந்தப் பிழை எனக்குத் தெரியவே இல்லை. ‘தி’ எல்லாம் அச்சு வரிக்குள் சரியாக உட்கார்ந்திருந்தன.

என் கணிப்பில் இது 6.5, பழையது 5.5. கேள்விக்குப் பதில் என்ற அளவில் மட்டும் பார்த்தால் 7 கொடுப்பேன்.

பழையதிருத்துநர் | 15 செப்டம்பர், இரவு 9:30

7 எனக்குச் சற்று அதிகமாகப் படுகிறது. முதல் பத்தி அருமை. இரண்டாம் பத்தியில், இணையம் இல்லாதவர்களுக்கு நூலகம் வேண்டும் என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். நான் 6 என்பேன். சாயங்களின் வரலாறு ஒருவருடைய அனுபவம், அதிலிருந்து பொது முடிவுக்குப் போகும் பாலம் இல்லை.

ஓரக்குறிப்பு | 16 செப்டம்பர், காலை 8:05

பாலம் இருக்கிறது, நான்காவது வரியில். ‘அடுக்கு பொருள்வாரியாக இருப்பதால் பக்கத்துப் புத்தகம் தற்செயல் அல்ல’ என்று எழுதியிருக்கிறார். மறுபடி பாருங்கள். ‘தி’ விட்டுப்போனதால் வரி தடுக்குகிறது, நீங்கள் அங்கே தாண்டிப் போயிருக்கலாம்.

பழையதிருத்துநர் | 16 செப்டம்பர், பகல் 1:15

பார்த்தேன். இருக்கிறது. முதல் வாசிப்பில் எனக்குப் புரியவில்லை என்பதும் உண்மை. தேர்வில் திருத்துபவரும் பெரும்பாலும் ஒரே முறைதான் படிப்பார். நீலமை, அந்த வரியை இரண்டாக உடைத்து எழுதிப் போடுங்கள், மறுபடி படிக்கிறேன்.